தண்ணீர் வருமா, வராதா?

எங்கள் குடியிருப்பில் மொத்தம் பதினாறு வீடுகள். செயலாளர் வேலை சுழற்சி முறையில் வரும். போன வருடம் என் முறை. மோட்டார் பழுது, லிஃப்ட் பராமரிப்பு, குப்பை வண்டி வராத நாள் என்று எதுவானாலும் வாட்ஸ்அப்பில் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். தகவல் எல்லார் கண்ணிலும் படவேண்டும் என்பதற்காக நான் பதில்களைக் கொஞ்சம் அலங்கரித்து அனுப்புவேன். முதலில் மூன்று கூப்பிய கைகள், கீழே ஒரு சமக்குறிக் கோடு, ஒவ்வொரு வரிக்கும் சுட்டுவிரல், முடிவில் இரண்டு மினுமினுக்கும் நட்சத்திரங்கள்.

முதல் மாடியில் இருப்பவர் வங்கி ஊழியர், பார்வையற்றவர். ஒரு நாள் மாலை அவர் தனியாகக் கேட்டிருந்தார்: "சார், நாளைக்குத் தண்ணி வருமா?" கீழ்த்தொட்டியைக் கழுவ ஆள் வருகிறது, அதனால் காலை ஆறிலிருந்து பத்து வரை தண்ணீர் கிடையாது. வழக்கமான அலங்காரத்தோடு பதில் அனுப்பினேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் வீட்டுக் குழாயில் காற்றுதான் வந்தது. ஒரு வாளி தண்ணீர்கூடப் பிடித்து வைத்திருக்கவில்லை.

"நான்தான் நேத்தே பதில் போட்டேனே சார்" என்றேன்.

"போட்டீங்க சார். தண்ணி வரும்னுதானே போட்டிருந்தீங்க?"

சட்டென்று எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் மடிக்கணினியைத் திறந்து, என் பதிலை அதன் குரலில் ஒலிக்கவிட்டார். அதைக் கேட்ட பிறகு கோபம் என் பக்கமே திரும்பியது.

அந்தப் பதில் எப்படி இருந்தது என்பதை இங்கே சொற்களில் விவரிக்கிறேன். குறிகளை அப்படியே அச்சிடாததற்குக் காரணம், இந்தக் கட்டுரையையும் யாராவது காதால் படிக்கக்கூடும் என்பதுதான். முதல் வரியில் மூன்று கூப்பிய கைகள், பிறகு "வணக்கம் சார்". அடுத்த வரி முழுக்க முப்பது சமக்குறிகள். அதன் கீழே வலப்பக்கம் சுட்டும் ஒரு விரல், பிறகு "நாளை காலை", நீலக் கட்டத்துக்குள் 6, "மணி முதல்", நீலக் கட்டத்துக்குள் 10, "மணி வரை தண்ணீர்", கடைசியில் சிவப்புப் பெருக்கல் குறி. "வராது" என்று எழுதுவதற்குப் பதிலாக நான் போட்டது அந்தச் சிவப்புக் குறியைத்தான்.

அது குரலாக வந்தபோது இப்படி இருந்தது: "ஃபோல்டட் ஹேண்ட்ஸ், ஃபோல்டட் ஹேண்ட்ஸ், ஃபோல்டட் ஹேண்ட்ஸ், வணக்கம் சார். தர்ட்டி ஈக்வல்ஸ். பேக்ஹேண்ட் இண்டெக்ஸ் பாயிண்டிங் ரைட். நாளை காலை, கீகேப் சிக்ஸ், மணி முதல், கீகேப் டென், மணி வரை தண்ணீர், கிராஸ் மார்க்."

"இது வீட்டுல உள்ள கம்ப்யூட்டர். இங்க எமோஜியைப் படிக்கச் சொல்லி வச்சிருக்கேன். ஆபீஸ்ல அதை அணைச்சிட்டேன். இல்லன்னா ஒரு மெயில் படிச்சு முடிக்கறதுக்குள்ள தலை வலிச்சிடும். நேத்து உங்க பதிலை நான் ஆபீஸ்லதான் கேட்டேன்" என்றார்.

எமோஜி வாசிப்பை அணைத்து அதே பதிலை மறுபடி ஒலிக்கவிட்டார். இந்த முறை: "வணக்கம் சார். தர்ட்டி ஈக்வல்ஸ். நாளை காலை ஆறு மணி முதல் மணி வரை தண்ணீர்."

பத்தைக் காணோம். மறுப்பையும் காணோம். மிச்சமிருந்ததைக் கேட்கும் யாரும் தண்ணீர் வரும் என்றுதான் புரிந்துகொள்வார்கள்.

குறிக்கு ஒரு பெயர்

கணினித் திரையிலும் கைபேசியிலும் இருப்பதைக் குரலாக மாற்றித் தரும் மென்பொருளுக்குப் பெயர் ஸ்க்ரீன் ரீடர். தமிழில் திரைவாசிப்பான் என்கிறார்கள். விண்டோஸ் கணினிகளில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ, விலை கொடுத்து வாங்கும் ஜாஸ், ஆண்ட்ராய்டு போன்களில் டாக்பேக், ஆப்பிள் கருவிகளில் வாய்ஸ்ஓவர் ஆகியவை பரவலாகப் பயன்படுகின்றன. எமோஜியை இவை படமாகப் பார்ப்பதில்லை. எழுத்துகளைப்போல எண்ணாகவே பார்க்கின்றன.

யூனிகோட் முறையில் "அ" என்ற எழுத்துக்கு ஓர் எண் இருப்பதுபோல, கூப்பிய கைக்கும் ஓர் எண் இருக்கிறது. ஜப்பானின் டோகோமோ கைபேசிச் சேவைக்காக 1999ஆம் ஆண்டு ஷிகேதகா குரிதா வடிவமைத்த 176 சின்னஞ்சிறு படங்கள் எமோஜியின் ஆரம்பக் கண்ணிகளில் ஒன்று. 2010ஆம் ஆண்டு யூனிகோட் நூற்றுக்கணக்கான எமோஜிகளைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அப்போது ஒவ்வொன்றுக்கும் எண்ணோடு சேர்த்துப் பெயரும் வந்தது. நமக்குப் படம் தெரியும் இடத்தில் திரைவாசிப்பான் அந்தப் பெயரையோ அதையொட்டிய பெயரையோ சொல்கிறது.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்தப் பெயர்கள் உருவத்தை வர்ணிப்பவை, கருத்தைச் சொல்பவை அல்ல. நாம் "இதைக் கவனியுங்கள்" என்ற எண்ணத்தில் போடும் விரல், காதுக்கு "புறங்கை ஆள்காட்டி விரல் வலப்பக்கம் சுட்டுகிறது" என்று ஆகிவிடுகிறது. அழகுக்காக வரியின் தலையில் வைக்கும் நட்சத்திரத்தின் யூனிகோட் பெயர் "பிளாக் ஸ்டார்". ஐந்து வரிக் குறிப்பில் ஐந்து முறை கறுப்பு நட்சத்திரம் உதித்துவிடும்.

இந்தப் பெயர்கள் பல மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்டுள்ளன, தமிழிலும் உண்டு. ஆனால் கேட்பவருக்குத் தமிழ்ப் பெயர் வருமா, ஆங்கிலப் பெயர் வருமா என்பது அவருடைய கருவியின் மொழி, அவர் தேர்ந்தெடுத்த குரல், மென்பொருள் ஆகியவற்றைப் பொறுத்தது. ஒரு தமிழ் வாக்கியத்தின் நடுவில் ஆங்கிலக் குரல் குறுக்கிட்டுவிட்டுப் போகலாம். தமிழ்க் குரலே ஆங்கிலப் பெயரைத் திக்கித்திக்கிச் சொல்லவும் செய்யலாம். அனுப்புகிற நமக்கு இதில் எதுவும் கையில் இல்லை.

பெயரே வேண்டாம் என்று அணைத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள், நம் வங்கி ஊழியர் அலுவலகத்தில் செய்ததுபோல. அப்போது குறி சத்தமில்லாமல் மறைந்துவிடும். அதனால் நம் பதில் இரண்டு விதமான காதுகளுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் ஒவ்வொரு குறியும் பேசும். மற்றொன்றில் எந்தக் குறியும் பேசாது. இரண்டிலும் ஒரே பொருள் தருவது எழுத்து மட்டும்தான்.

என் பதிலில் ஆறு தப்பித்து, பத்து மட்டும் காணாமல் போனதற்கும் காரணம் உண்டு. கட்டத்துக்குள் 6 என்பது சாதாரண 6 என்ற இலக்கத்தின்மேல் கட்டம் போடும் வேறு குறிகளைச் சேர்த்துக் கட்டியது. கட்டத்தைக் கழற்றினாலும் உள்ளே இலக்கம் இருக்கும். கட்டத்துக்குள் 10 அப்படி அல்ல. அது முழுக்க ஒரே குறி, அதன் எண் U+1F51F. அது போனால் எல்லாம் போய்விடும். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பிபோலத்தான் இருக்கின்றன.

வினைமுற்றுக்குக் காத்திருக்கும் காது

தமிழ் வாக்கியத்தில் இந்தத் தொல்லை கூடுதலாக உறைக்கிறது. நம் வாக்கியம் பெரும்பாலும் வினைமுற்றில்தான் முடியும். நடக்குமா நடக்காதா என்பதைக் கடைசிச் சொல்லின் கடைசி அசைவரை நாம் சொல்வதில்லை. "நாளைக்குக் காலையில உங்க வீட்டுக்குப் பத்திரிகை வைக்க" என்பதுவரை கேட்டவருக்கு, அடுத்து வரப்போவது "வரேன்" என்பதா "வர முடியாது" என்பதா என்று தெரியாது. அந்த இடைவெளியில் ஒரு பூங்கொத்தும் இரண்டு இதயமும் ஒரு பட்டாசும் வந்தால், கேட்பவர் பாதி வாக்கியத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவை எல்லாம் வாசித்து முடியும்வரை காத்திருக்க வேண்டும். கண் அவற்றைத் தாண்டிக் குதித்துவிடும். காதால் குதிக்க முடியாது.

வேற்றுமை உருபு போன்ற ஒட்டுகள் இன்னொரு இடம். பஸ் படத்தைப் போட்டு அதன் பின்னால் "ல வரேன்" என்று எழுதுகிறோம். இதயத்தைப் போட்டு "ஆன வாழ்த்துகள்" என்கிறோம். தமிழில் "ல்", "ஐ", "க்கு", "ஆன" போன்றவை தனியாக நிற்பவை அல்ல, முன்சொல்லோடு ஒட்டித்தான் பிழைக்கும். படம் முன்சொல்லாக இருந்தால் ஒட்டுவதற்கு ஆளில்லை. எமோஜி பேசும் காதில் "பஸ்" என்று ஒரு குரலும், கொஞ்சம் இடைவெளி விட்டு "ல வரேன்" என்று ஓர் அநாதைத் துண்டும் விழும். பேசாத காதில் வெறும் "ல வரேன்".

மூன்றாவது, முற்றுப்புள்ளி. வாக்கியம் முடிந்த இடத்தில் புள்ளிக்குப் பதிலாகச் சிரிப்பு முகத்தைப் போடும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. வாசிக்கும் குரல் எங்கே மூச்சு விட வேண்டும் என்பதைப் புள்ளியையும் காற்புள்ளியையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. "அம்மாவுக்குப் பரவாயில்லை" என்று எழுதி, ஒரு முகத்தைப் போட்டு, "நாளை ஆபரேஷன் இல்லை" என்று தொடர்ந்தால், எமோஜி அணைத்த கருவியில் அது "அம்மாவுக்குப் பரவாயில்லை நாளை ஆபரேஷன் இல்லை" என்று ஒரே மூச்சில் ஓடும். "நாளை" எந்த வாக்கியத்தைச் சேர்ந்தது என்று கேட்பவர்தான் யோசித்துப் பிரிக்க வேண்டும்.

எழுத்தைப் பிய்க்கும் அலங்காரம்

எமோஜி இல்லாத பதிலும் காதில் இடறலாம். நம் சுவரொட்டிப் பழக்கம் ஒன்று உண்டு, "அ றி வி ப் பு" என்று எழுத்துக்கு எழுத்து இடம் விட்டுத் தலைப்பு போடுவது. கண்ணுக்கு அது விரிந்த தலைப்பு. திரைவாசிப்பானுக்கு அது ஐந்து தனித்தனிச் சொற்கள். இடையில் புள்ளியோ நட்சத்திரக் குறியோ வைத்தாலும் அதே கதிதான்.

இதில் தமிழுக்கே உரிய ஒரு நுட்பம் உண்டு. நம் "க" ஒரே எழுத்தாக இருந்தாலும் இடத்துக்கு இடம் ஒலி மாறும். "கடல்" என்பதில் வன்மையாகவும், "தகவல்" என்பதில் மென்மையாகவும் ஒலிக்கும். தமிழ்க் குரலை உருவாக்கும் மென்பொருள் பக்கத்து எழுத்துகளைப் பார்த்துத்தான் இதை முடிவு செய்கிறது. "த*க*வல்" என்று அலங்கரித்தால், "க" ஒரு சொல்லின் முதல் எழுத்துபோல் தனியே நின்று வன்மையாக ஒலிக்கும். "தகவல்" என்ற சொல்லே காணாமல் போய்விடும்.

வாட்ஸ்அப்பில் ஒரு சொல்லின் இரு பக்கமும் நட்சத்திரக் குறி போட்டால் அது தடித்த எழுத்தாகத் தெரியும், குறி மறைந்துவிடும். அதே வாசகத்தை நகலெடுத்துக் குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ ஒட்டும்போது குறிகள் மறுபடி தலைகாட்டும். என்விடிஏ மென்பொருளின் வழக்கமான அமைப்பில் நட்சத்திரக் குறியும் சமக்குறியும் சாய்கோடும் வாய்விட்டுச் சொல்லப்படும். சிறு கோடு சொல்லப்படாது. ஆகவே "500/-" என்று நாம் காலங்காலமாக எழுதுவது "ஐந்நூறு ஸ்லாஷ்" என்று கேட்கும். "6-10" என்று எழுதினால் நடுவில் இருக்கும் கோடு ஒலிக்காமல் ஆறும் பத்தும் அடுத்தடுத்து வரலாம். "500 ரூபாய்" என்றும் "6 முதல் 10 வரை" என்றும் எழுதினால் இந்த வம்பு இல்லை. "12/1" என்பதைவிட "ஜனவரி 12" நல்லது.

பத்திரிகையின் தலையில் நாம் போடும் பிள்ளையார் சுழியை நினைத்து யாரும் கவலைப்பட வேண்டாம். அது "உ" என்று ஒரு சின்ன ஒலியாகப் போய்விடும். அதற்குக் கீழே வரிசையாக நிற்கும் மணியும் விளக்கும் பூவும்தான் நேரத்தைத் தின்பவை.

பதிலைத் திருத்தி எழுதுவது

அன்றைக்கு அவர் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து அந்தப் பதிலைத் திருத்தி எழுதினேன். முதல் வேலை, எல்லாக் குறிகளையும் அழித்தேன். மிச்சத்தைப் படித்தபோது எங்கே பொருள் உடைந்ததோ, அங்கெல்லாம் குறி ஒரு சொல்லின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது என்று தெரிந்தது. சிவப்புப் பெருக்கல் குறியின் இடத்தில் "வராது", கட்டத்துக்குள் இருந்த எண்களின் இடத்தில் சாதாரண இலக்கங்கள். அழித்த பிறகும் பொருள் உடையாத இடங்களில், அதாவது விரல், நட்சத்திரம், சமக்குறிக் கோடு இருந்த இடங்களில், எதையும் வைக்கவில்லை. கோட்டுக்குப் பதில் ஒரு வெற்று வரி போதும்.

இரண்டாவது, முடிவை முன்னால் கொண்டுவந்தேன். கைபேசியில் ஒரு செய்தி முழுவதும் பெரும்பாலும் ஒரே மூச்சாக வாசிக்கப்படும். ஏதாவது விட்டுப்போனால் பலரும் முதலிலிருந்து கேட்பார்கள். வரிவரியாகவோ சொல் சொல்லாகவோ நகரவும் முடியும், ஆனால் அதற்கு வாசிப்பு முறையை மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் வாக்கியத்திலேயே பதில் இருந்தால், மீதியைக் கேட்பதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யலாம்.

திருத்திய பதில் இது: "நாளை காலை தண்ணீர் வராது, சார். கீழ்த்தொட்டியைக் கழுவுகிறார்கள். காலை 6 மணி முதல் 10 மணி வரை மோட்டார் ஓடாது. இன்று இரவே இரண்டு குடம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்."

அவர் அதை ஒலிக்கவிட்டார். அவருடைய வழக்கமான வேகத்தில் அது கடகடவென்று ஓடியது, என் காதால் பின்தொடர முடியவில்லை. அவருக்கு முழுதாக விளங்கியது. "இவ்வளவுதான் சார் வேணும். குடம் பிடிச்சு வைன்னு சொன்னீங்க பாருங்க, அது அந்தப் பழைய மெசேஜ்ல இல்லவே இல்ல" என்றார். உண்மைதான். அலங்காரத்துக்குச் செலவழித்த நேரத்தில் அதை எழுத எனக்குத் தோன்றவில்லை.

பட்டியல் தேவைப்படும்போது, எத்தனை விஷயங்கள் என்று முதலில் சொல்லிவிடலாம்: "மூன்று வேலைகள் நடக்கும்." பிறகு 1, 2, 3 என்று சாதாரண இலக்கம், ஒவ்வொன்றும் தனி வரி, ஒவ்வொன்றின் முடிவிலும் முற்றுப்புள்ளி. வைரமும் அம்புக்குறியும் செய்யாத ஒன்றை இலக்கம் செய்கிறது. "ரெண்டாவது என்ன சொன்னீங்க?" என்று திருப்பிக் கேட்க ஒரு பிடி கிடைக்கிறது.

எமோஜி இல்லாவிட்டால் பதில் வறட்டுத்தனமாகிவிடாதா என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் தமிழுக்கு முகபாவம் காட்டக் குறி தேவைப்பட்டதில்லை. "அடடா", "அச்சோ", "அப்பாடா", "ஐயையோ" ஒவ்வொன்றும் ஒரு முகம். "வாங்க" என்பதற்கும் "வாங்களேன்" என்பதற்கும் நடுவில் ஒரு புன்னகையே இருக்கிறது. இவையெல்லாம் எழுத்துகள், எந்தத் தமிழ்க் குரலும் இவற்றை ஒழுங்காகச் சொல்லும். "அச்சோஓஓஓ" என்று உயிரெழுத்தை மட்டும் இழுக்காதீர்கள். ஒட்டிக்கொண்ட ஒவ்வொரு "ஓ"வையும் சில குரல்கள் தனியாக உச்சரிக்கும்.

பார்வையற்றவர்களிலும் எமோஜி போட்டு விளையாடுபவர்கள் நிறையப் பேர் உண்டு. நம் வங்கி ஊழியரே தன் மகளுக்கு இதயம் அனுப்புவார். "ஒண்ணு இருந்தா ஒண்ணும் ஆகாது சார். எல்லாம் சொல்லி முடிச்சு, புள்ளி வச்சு, கடைசியில ஒண்ணு" என்றார். பாசத்துக்கு அது சரி. தகவல் கேட்டவருக்கு எழுதும் பதிலில் அந்த ஒன்றையும் நான் இப்போது போடுவதில்லை.

உங்கள் பதில் எப்படிக் கேட்கிறது என்று அறிய நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களின் அமைப்புகளில், அணுகல்தன்மைப் பகுதியில், "செலக்ட் டு ஸ்பீக்" என்ற வசதி இருக்கும். அதை இயக்கி, நீங்கள் அனுப்பிய ஒரு செய்தியைத் தொட்டால் படித்துக் காட்டும். டாக்பேக் வசதியையே இயக்கிப் பார்ப்பதானால், அதன்பின் ஒரு தொடுகைக்கு அது பேச மட்டுமே செய்யும், திறக்க இரட்டைத் தட்டு வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் இயக்கிவிட்டுப் போன் கெட்டுவிட்டது என்று பதறியவர்கள் உண்டு. அலங்காரம் மிகுந்த உங்கள் பழைய செய்தி ஒன்றைத் திரையைப் பார்க்காமல் கேளுங்கள். எந்த இடத்தில் எரிச்சல் வருகிறதோ, அங்கே ஒரு குறி இருக்கும்.

அதற்கும் நேரமில்லாத நாளில், அனுப்பும் முன் குறிகளை மறைத்து எழுத்துகளை மட்டும் ஒருமுறை படியுங்கள். கேட்டவருக்கு வேண்டிய பதில் அதில் இருக்கிறதா? எங்கள் குடியிருப்பில் தொட்டி கழுவும் நாள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. இப்போதெல்லாம் அறிவிப்பின் முதல் வரியில் "தண்ணீர் வராது" என்றே எழுதுகிறேன். முதல் மாடியில் முந்தின இரவே குடங்கள் நிரம்பிவிடுகின்றன.